ஸ்கேனில் 'நீர்க்கட்டி' என்று வந்தால் பிசிஓஎஸ் தானா? ரிப்போர்ட்டில் உள்ள அந்த வார்த்தைக்கு உண்மையில் என்ன அர்த்தம்?

"உங்க பொண்ணுக்கு ரெண்டு பக்கமும் நீர்க்கட்டி இருக்குமா." ஸ்கேன் சென்டர் வாசலில் இந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் அம்மாவின் மனதில் என்ன ஓடும்? கட்டி என்றால் ஆபரேஷன், கட்டி என்றால் குழந்தை பிறக்காது. அன்று இரவே கூகுளில் தேடினால் 'கட்டியைக் கரைக்கும் கஷாயம்' என்று பத்து வீடியோ வந்து நிற்கும். அடுத்த நாள் காலையில் பெண்ணுக்கு வசவு தொடங்கும்: "நைட்டு ரெண்டு மணி வரைக்கும் போன், வாய்க்கு கண்ட பரோட்டா. பின்ன வராம என்ன பண்ணும்?"

இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. அவை கட்டிகளே அல்ல, அது முதல் தவறு. ஸ்கேனில் அப்படித் தெரிவதாலேயே பிசிஓஎஸ் இருப்பதாக முடிவு செய்வது இரண்டாவது. வசவு எதற்கு என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

'கட்டி' எங்கிருந்து வந்தது?

1935-ல் அமெரிக்காவின் சிகாகோவில் ஸ்டெய்ன், லெவந்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். மாதவிடாய் சரியாக வராத அந்தப் பெண்களின் சினைப்பைகள் பெரிதாக இருந்தன. அவற்றின் ஓரத்தில் நீர் நிறைந்த சின்னச் சின்னப் பைகள் வரிசையாக இருந்தன. அவற்றை 'சிஸ்ட்' என்று குறிப்பிட்டார்கள். பாலிசிஸ்டிக் ஓவரி என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

அந்தப் பைகள் உண்மையில் முட்டை வளரும் கூடுகள். டாக்டர்கள் ஃபாலிக்கிள் என்பார்கள். எல்லாப் பெண்களின் சினைப்பையிலும் அவை உண்டு. ஒவ்வொரு மாதமும் பல கூடுகள் ஒன்றாக வளரத் தொடங்கும். அதில் ஒன்று மட்டும் சுமார் 2 சென்டிமீட்டர் வரை பெரிதாகி, உடைந்து, முட்டையை வெளியே விடும். மற்றவை சுருங்கிவிடும். பிசிஓஎஸ் இருப்பவர்களுக்கு இந்தக் கூடுகள் அதிகமாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் எதுவுமே முழுதாக வளராமல், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான அளவிலேயே நின்றுவிடும். ஸ்கேன் திரையில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிவது இவைதான்.

தமிழில் இது இன்னும் சிக்கலாகிறது. நமக்கு 'கட்டி' என்றால் அக்குளில் வருவதும் கட்டிதான், புற்றுநோயும் கட்டிதான். ஆங்கிலத்தில் தனித்தனி வார்த்தை உள்ள மூன்று நான்கு விஷயங்களுக்குப் பேச்சுத் தமிழில் ஒரே சொல். அதனால் 'நீர்க்கட்டி' என்று மொழிபெயர்த்ததும் மூலப் பெயரில் இருந்த பிழையோடு கூடுதலாக ஒரு பயமும் ஒட்டிக்கொள்கிறது. செய்தி எழுதும் எங்களைப் போன்றவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. தலைப்பில் நாலு எழுத்து மிச்சம் என்று 'நீர்க்கட்டி' போட்டுவிட்டுப் போய்விடுகிறோம். 'வளராமல் நின்ற முட்டைக் கூடுகள்' என்பது நீளம்தான், ஆனால் அதுதான் சரி.

பெயரே குழப்புகிறது என்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 2012-ல் கூட்டிய நிபுணர் குழு சொன்னது, பெயரை மாற்றும்படியும் பரிந்துரைத்தது. காரணம் எளிது. இது ஹார்மோனும் இன்சுலினும் சம்பந்தப்பட்ட பிரச்னை. சினைப்பையில் தெரிவது அதன் விளைவுகளில் ஒன்று மட்டுமே.

ஆக, கரைப்பதற்கு அங்கே கட்டி எதுவும் இல்லை. கரைக்கும் மருந்து என்று யாராவது விற்றால், இல்லாத ஒன்றைக் கரைக்கக் காசு கேட்கிறார்கள் என்று அர்த்தம்.

(சினைப்பையில் நிஜமான நீர்க்கட்டியும் வருவதுண்டு. அது பொதுவாக ஒன்றோ இரண்டோ, சில சென்டிமீட்டர் அளவில் இருக்கும், ரிப்போர்ட்டில் அளவோடு தனியாக எழுதியிருப்பார்கள். அது வேறு விஷயம், அதற்கான சிகிச்சையும் வேறு.)

ஒரே ரூம், இரண்டு பேர்

விளக்குவதற்காக இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்வோம். திருச்சியில் ஒரு கல்லூரி விடுதி. ஒரே அறையில் மீனா, ஷர்மி. இருவருக்கும் வயது 19. இருவரும் 13 வயதில் வயசுக்கு வந்தவர்கள்.

மீனாவுக்கு ஒருநாள் வயிற்றுவலி. ஸ்கேன் எடுத்தார்கள். 'இரண்டு பக்கமும் பாலிசிஸ்டிக் ஓவரி, வலது சினைப்பை அளவு 11 மில்லி' என்று ரிப்போர்ட் வந்தது. ஆனால் அவளுக்கு 28 முதல் 32 நாளுக்குள் மாதவிடாய் தவறாமல் வந்துவிடுகிறது. முகத்தில் தேவையற்ற முடி இல்லை. அவ்வப்போது ஒரு பரு வரும், அவ்வளவுதான்.

ஷர்மி ஸ்கேன் எடுத்ததே இல்லை. ஆனால் போனில் தேதி குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. போன வருடம் அவளுக்கு மாதவிடாய் தொடங்கிய நாட்கள்: ஜனவரி 4, பிப்ரவரி 27, ஏப்ரல் 30, ஜூலை 2, ஆகஸ்ட் 28, நவம்பர் 5. இடைவெளியைக் கணக்குப் போட்டால் 54, 62, 63, 57, 69 நாட்கள். வருடத்துக்கு ஆறே முறை. இரண்டு வருடமாகத் தாடையிலும் மேலுதட்டிலும் கறுப்பான, தடித்த முடி வளர்கிறது. வாரம் ஒருமுறை த்ரெட்டிங் போகிறாள். இதை டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயமாக அவள் நினைக்கவே இல்லை.

இந்த இரண்டு பேரில் யாருக்கு பிசிஓஎஸ்?

ஷர்மிக்கு இருக்க வாய்ப்பு அதிகம். மீனாவுக்கு, இந்தத் தகவல்களை வைத்துப் பார்த்தால், இல்லை.

எப்படி முடிவு செய்கிறார்கள்?

2003-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் கூடிய நிபுணர்கள் வகுத்த முறைதான் இன்றும் அடிப்படை. மூன்று விஷயங்களைப் பார்ப்பார்கள். முட்டை வெளிவருவதில் ஒழுங்கின்மை, அதாவது மாதவிடாய் தள்ளிப்போவது. ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அதிகமாக இருப்பதற்கான அடையாளம், அது உடம்பில் தெரியும் முடியாகவோ ரத்தப் பரிசோதனையிலோ இருக்கலாம். மூன்றாவதாக ஸ்கேனில் தெரியும் சினைப்பை. மூன்றில் இரண்டு இருந்து, வேறு காரணம் இல்லை என்றும் உறுதியானால்தான் பிசிஓஎஸ்.

ஸ்கேன் மட்டும் என்றால் அது மூன்றில் ஒன்று. மீனாவிடம் இருப்பது அந்த ஒன்றுதான்.

2023-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் இதை இன்னும் தெளிவாக்கியது. வளரிளம் பருவத்தில், வயசுக்கு வந்து எட்டு வருடம் ஆகும் வரை, பிசிஓஎஸ் கண்டறிய ஸ்கேனைப் பயன்படுத்தவே வேண்டாம் என்கிறது அது. அந்த வயதில் சினைப்பையில் நிறையக் கூடுகள் இருப்பது ரொம்பச் சாதாரணம். ஆரோக்கியமான பெண்களுக்கே அப்படித் தெரியும். அதனால் இந்தப் பருவத்தில் மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண்ட்ரோஜன் அடையாளம் இரண்டுமே இருந்தால்தான் பிசிஓஎஸ் என்று சொல்லலாம். மீனாவும் ஷர்மியும் வயசுக்கு வந்து ஆறு வருடம்தான் ஆகிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. நம்மூரில் கல்யாணம் ஆகாத பெண்களுக்குப் பெரும்பாலும் வயிற்றின் மேல் வைத்துத்தான் ஸ்கேன் எடுப்பார்கள். தண்ணீர் குடித்து, யூரினை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, அதுதான். இந்த முறையில் கூடுகளைச் சரியாக எண்ணுவது கஷ்டம். அதனால் எண்ணிக்கையை விட சினைப்பையின் அளவைத்தான் பார்க்கச் சொல்கிறார்கள். எண்ணிக்கைக்கான வரம்பும் மாறிவிட்டது. 2003-ல் ஒரு சினைப்பையில் 12 கூடுகள் இருந்தாலே 'பாலிசிஸ்டிக்'. மெஷின்கள் நவீனமாகி நுணுக்கமாகத் தெரிய ஆரம்பித்ததும் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களில் பலரும் அந்தக் கணக்கில் வந்துவிட்டார்கள். இப்போது பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் துல்லியமான ஸ்கேனில் 20 என்பதுதான் வரம்பு.

எத்தனை நாள் தள்ளிப்போனால் 'ஒழுங்கற்ற' மாதவிடாய்?

வயசுக்கு வந்த முதல் வருடம் முன்னே பின்னே வருவது இயல்பு. ஒன்று முதல் மூன்று வருடத்துக்குள் 21 நாளுக்கும் குறைவாகவோ 45 நாளுக்கும் அதிகமாகவோ இடைவெளி இருந்தால் கவனிக்க வேண்டும். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த 45 என்பது 35 ஆகிறது. அல்லது வருடத்துக்கு எட்டு முறைக்கும் குறைவாக வந்தால். முதல் வருடம் முடிந்த பிறகு எப்போதாவது ஒருமுறை 90 நாளைத் தாண்டினாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கணக்கு போடுவதில் பலரும் செய்யும் ஒரு பிழை: ரத்தப்போக்கு நின்ற நாளிலிருந்து எண்ணுவது. தொடங்கிய நாளிலிருந்து அடுத்து தொடங்கும் நாள் வரை எண்ண வேண்டும். காலண்டரில் ஒரு சின்ன வட்டம் போட்டாலே போதும், ஆறு மாதத் தேதிகள் கையில் இருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஷர்மியின் இடைவெளி எல்லாம் 50-க்கு மேல். தாடையில் முடி. இரண்டு அடையாளமும் இருக்கிறது, ஸ்கேன் தேவையே இல்லை. ஆனாலும் டாக்டர் உடனே பெயர் சொல்லிவிட மாட்டார். தைராய்டு, புரோலாக்டின், 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் என்ற ரத்தப் பரிசோதனைகளை எழுதுவார். இதே அறிகுறிகள் தைராய்டு கோளாறிலும், மூளைக்குக் கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பிரச்னையிலும், பிறவியிலேயே வரும் ஒரு அட்ரினல் சுரப்பிக் கோளாறிலும் வரலாம் என்பதால் அவற்றை முதலில் விலக்க வேண்டும். கூடவே டெஸ்டோஸ்டிரோன் அளவையும் பார்ப்பார். ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இந்த டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனை எடுத்தால் சரியான விடை கிடைக்காது. மாத்திரை எடுப்பவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

முடி வளர்வது சில மாதங்களுக்குள் திடீரென்று வேகமானாலோ குரல் கனத்தாலோ அது பிசிஓஎஸ் போக்கு அல்ல. தள்ளிப்போடாமல் உடனே காட்ட வேண்டும்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

சாப்பிட்ட சர்க்கரையை செல்களுக்குள் அனுப்பும் வேலை இன்சுலினுடையது. பிசிஓஎஸ் உள்ள பலருக்கு செல்கள் இன்சுலின் பேச்சை அவ்வளவாகக் கேட்பதில்லை. கணையம் என்ன செய்யும்? கூடுதலாகச் சுரக்கும். அதிகமான அந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜனை அதிகம் சுரக்க வைக்கிறது. அதோடு, ஆண்ட்ரோஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு புரதத்தை ஈரல் தயாரிப்பதையும் அது குறைத்துவிடுகிறது. ரத்தத்தில் ஆண்ட்ரோஜன் கட்டவிழ்ந்து சுற்றுகிறது. தாடையில் முடி, பரு எல்லாம் அதனால்தான். முட்டைக் கூடுகள் பாதியில் நிற்பதும் அதனால்தான்.

முட்டை வெளிவராவிட்டால் புரோஜெஸ்டிரோன் சுரக்காது. அது சுரந்து, பிறகு குறைந்தால்தான் கர்ப்பப்பையின் உள்படலம் மாதாமாதம் ஒழுங்காக வெளியேறும். இல்லையென்றால் படலம் மேலும் மேலும் தடித்துக்கொண்டே போகும். மூன்று மாதம் கழித்து வரும்போது நிறையப் போவது, பத்து நாள் விடாமல் படுத்துவது எல்லாம் இதனால்தான். மாதவிடாய் வராததை 'தொல்லை விட்டது' என்று விட்டுவிடக் கூடாது. வருடக்கணக்கில் இப்படித் தடித்தால் கர்ப்பப்பைப் படலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களை விடக் கூடும். மொத்தத்தில் அது அரிதுதான், தடுக்கவும் முடியும். மாதவிடாயை வரவைக்க டாக்டர் மாத்திரை தருவது இதற்காகத்தான். "ஹார்மோன் மாத்திரை போட்டா உடம்பு கெட்டுடும்"னு நிறுத்துவதற்கு முன்னால் இந்தக் காரணம் தெரிந்திருக்க வேண்டும். தலைவலி, பிபி, குடும்பத்தில் ரத்தம் உறையும் நோய் போன்றவை இருந்தால் சில மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாது. அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் டாக்டர் வேறு வழி பார்ப்பார்.

ஷர்மிக்கு இன்னொரு பரிசோதனையும் உண்டு, பலர் விட்டுவிடுவது இதைத்தான். வெறும் வயிற்றில் ஒருமுறை ரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கலந்த தண்ணீர் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்பார்கள். ஒல்லியாக இருந்தாலும் இந்தப் பரிசோதனை வேண்டும் என்கிறது வழிகாட்டுதல். பிசிஓஎஸ் இருப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம். ஸ்கேனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப எடுத்து 'கட்டி குறைஞ்சிருக்கா' என்று பார்ப்பதை விட இதற்குச் செலவழிப்பது உருப்படியானது.

"நீ பண்ணுனதுதான்" – இது உண்மையா?

பிசிஓஎஸ் குடும்பத்தில் ஓடுகிறது. அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால் தங்கைக்கும் வரும் வாய்ப்பு கூடுதல். நெதர்லாந்தில் இரட்டைப் பிறவிகளை வைத்து நடத்தி 2006-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒருவருக்கு வருவதும் இன்னொருவருக்கு வராததுமான வேறுபாட்டில் சுமார் 70 சதவீதத்தை மரபணுவோடு தொடர்புபடுத்தியது. பரோட்டா சாப்பிட்டதால் பிசிஓஎஸ் வந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஒரே மெஸ்ஸில் ஒரே பரோட்டாவைத்தான் மீனாவும் சாப்பிட்டாள்.

எடைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு, ஆனால் எளிய சம்பந்தம் இல்லை. எடை கூடினால் இன்சுலின் எதிர்ப்பு அதிகமாகும், அறிகுறிகளும் மோசமாகலாம். அதே நேரம் பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு எடை கூடுவது சுலபம், குறைப்பது கஷ்டம். ஒல்லியாக இருக்கும் பெண்களுக்கும் பிசிஓஎஸ் வருகிறது. "நீ ஒல்லியாத்தானே இருக்கே, உனக்கு எப்படி?" என்று கேட்டே பல பெண்களுக்குக் கண்டுபிடிப்பது தாமதமாகிறது.

எனவே வார்த்தையை மாற்றிப் பாருங்கள். "உடம்பைக் கவனிக்காம வரவழைச்சுக்கிட்டே" என்பது தவறு. "உனக்கு இது இருக்கு, நடந்தா, தூங்கினா கொஞ்சம் கட்டுக்குள்ள இருக்கும்" என்பது சரி. முதல் வாக்கியத்தில் காரணமும் பழியும் பெண் தலையில். இரண்டாவதில் அவள் கையில் இருப்பது நிவாரணம் மட்டும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் சுறுசுறுப்பான நடை மாதிரி உடற்பயிற்சி என்கிறது வழிகாட்டுதல். எந்த ஒரு குறிப்பிட்ட 'பிசிஓஎஸ் டயட்'டும் மற்றதை விடச் சிறந்தது என்று ஆதாரம் இல்லை என்றும் சொல்கிறது. சோறே தொடக்கூடாது என்று மிரட்டும் ரீல்ஸை நிம்மதியாகத் தள்ளிவிடலாம்.

'பிசிஓடி வேற, பிசிஓஎஸ் வேற, முதலாவது லேசானது' என்றும் சில பக்கங்களில் படித்திருப்பீர்கள். சர்வதேச வழிகாட்டுதலில் அப்படிப் பிரிவு கிடையாது. பிசிஓடி என்று நம்மூரில் எழுதப்படுவது பெரும்பாலும் பிசிஓஎஸ்-ஐத்தான். சில நேரம் மீனாவைப் போல ஸ்கேனில் மட்டும் தெரிவதையும் அப்படி எழுதிவிடுகிறார்கள், குழப்பம் அங்கேதான். ரிப்போர்ட்டில் அது இருந்தால் "டாக்டர், இது ஸ்கேன்ல தெரியறதை மட்டும் வச்சுச் சொல்றதா, இல்ல எனக்கு நிஜமாவே பிசிஓஎஸ் இருக்கா?" என்று நேரடியாகக் கேட்டுவிடலாம்.

குழந்தை பிறக்குமா? கல்யாணம் ஆனால் சரியாகுமா?

அம்மாக்கள் கேட்கத் தயங்கி, கடைசியில் கேட்பது இதுதான். பிசிஓஎஸ் இருக்கும் பெரும்பாலான பெண்களுக்குக் குழந்தை பிறக்கிறது. சிலருக்கு மருந்து எதுவும் இல்லாமலே, சிலருக்கு உதவியோடு. முட்டை எப்போதாவதுதான் வெளிவருகிறது என்பதே சிக்கல், முட்டை இல்லை என்பதல்ல. முட்டையை வெளிவரச் செய்ய முதலில் பரிந்துரைக்கப்படும் மருந்து லெட்ரோசோல் என்ற மாத்திரை. வேறு பிரச்னை எதுவும் இல்லாவிட்டால் நேரடியாக டெஸ்ட் டியூப் சிகிச்சைக்குப் போகத் தேவையில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். முட்டை எப்போது வெளிவரும் என்று தெரியாதே தவிர, வரவே வராது என்பதில்லை. 'எனக்குத்தான் பிசிஓஎஸ் ஆச்சே, கர்ப்பம் ஆகாது' என்று கவனமில்லாமல் இருந்து, எதிர்பாராமல் கர்ப்பமாகிறவர்கள் உண்டு.

கல்யாணம் ஒரு மருந்தும் அல்ல. தாலி ஏறியதும் இன்சுலின் மாறாது.

மீனாவின் வயிற்றுவலிக்கு வேறு காரணம் இருக்கும், அதைத்தான் தேட வேண்டும். அவளுடைய ரிப்போர்ட்டை இப்போதைக்கு ஃபைலில் போட்டு வைக்கலாம். மாதவிடாய் தள்ளிப்போகத் தொடங்கினால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஷர்மி அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது போனில் உள்ள அந்த ஆறு தேதிகளையும் காட்ட வேண்டும். அதோடு த்ரெட்டிங்கிற்கு வாரா வாரம் போவதையும் சொல்ல வேண்டும். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் அன்று காலை முகத்தை வழித்துவிட்டுப் போனால் டாக்டர் கண்ணுக்கு எதுவும் தெரியாது, அவள் சொன்னால்தான் தெரியும்.